நரம்பை எடுக்கப் போய் கையுறை மாட்டிய கதை: கைகளை ரீடச் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபதாம் கல்யாணப் படம் ஒன்று. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை இடது மணிக்கட்டின் மேல் வைத்திருந்தார். கையின் மேல்புறம் நரம்பு புடைத்திருந்தது. காலையிலிருந்து பதற்றத்தில் தன் கையைத் தானே அழுத்திப் பிடித்திருப்பார் போல, மணிக்கட்டுக்கு மேலே பிறை வடிவில் இரண்டு நகத்தடம். "நரம்பு மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்கண்ணா" என்றார் மகள். எடுத்தேன், மிச்சமில்லாமல். படத்தைப் பார்த்தவர், "அம்மா கிளவுஸ் போட்ட மாதிரி இருக்குண்ணா" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

(நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் ரத்தக்குழாய். ஸ்டூடியோவில் எல்லோரும் நரம்பு என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே.)

ஃபோட்டோஷாப்பில் நான் செய்தது நிறையப் பேர் செய்வதுதான். படத்தை இரண்டு லேயராகப் பிரித்தேன். மேலே தோலின் நுண்ணிய கோடுகள், கீழே நிறமும் நிழலும். பிறகு கீழ் லேயரில் கையை லாசோவால் வளைத்து `Gaussian Blur` கொடுத்தேன். நரம்பு போய்விட்டது. ஆனால் கையின் மேடு பள்ளமும் கீழ் லேயரில்தான் இருக்கிறது. முட்டிகளுக்கு இடையிலான பள்ளம், விரலை நோக்கி ஓடும் தசைநாண்களின் நிழல் எல்லாம் சேர்ந்தே கரைந்துபோயின. மேலே தோலின் கோடுகள் அப்படியே நிற்க, அடியில் எலும்பே இல்லை. மெழுகுப் பொம்மையின் கை அப்படித்தான் இருக்கும். தோலின் துளைகள் அழிவதால்தான் மெழுகுத்தனம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கை விஷயத்தில் பெரும்பாலும் நிழல் அழிவதால்தான் வருகிறது.

அதனால் பிரஷை எடுப்பதற்கு முன் எது நரம்பு, எது தசைநாண் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து முட்டிவரை விசிறிக் கம்பி மாதிரி நேராக ஓடுபவை தசைநாண்கள். வளைந்து, கிளை பிரிந்து, அவற்றின் குறுக்கே போவது நரம்பு. முதலாவதைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. தொட்டால் கை ஊதிய பலூன் ஆகிவிடும்.

நரம்பை எப்படிக் குறைப்பது? அதை ஒரு கோடாக நினைத்தால் மேலே வேறு தோலை ஒட்டத் தோன்றும். அது ஒரு சின்ன மேடு. அம்மாவின் படத்தில் வெளிச்சம் இடதுபுறம் இருந்தது. ஆகவே ஒவ்வொரு நரம்புக்கும் இடது ஓரத்தில் மெல்லிய பளபளப்பு, வலது ஓரத்தில் மெல்லிய நிழல். இரண்டாம் முறை இரண்டு `Curves` லேயர் போட்டேன். ஒன்று நடுப்பகுதியைச் சற்று ஏற்றியது, மற்றது சற்று இறக்கியது. இரண்டின் மாஸ்க்கையும் கறுப்பாக்கி, `Flow` 3 முதல் 5 சதவீதத்தில், நிழலின் அகலமே உள்ள வெள்ளைப் பிரஷால் பூசினேன். நிழல் ஓரத்தில் வெளிச்ச லேயர், பளபளப்பு ஓரத்தில் இருட்டு லேயர்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, நிழலை மட்டும் ஏற்றிவிட்டுப் பளபளப்பை அப்படியே விடுவது. அப்போது நரம்பு மறையாது, வெளுத்த புழுவாகத் தெரியும். இன்னொன்று, இந்த லேயர்களை `Normal` முறையிலேயே விடுவது. இருட்டாக்கும் இடத்தில் தோல் ஆரஞ்சாகச் சிவக்கும். `Luminosity`க்கு மாற்றினால் அது நிற்கும்.

மேடு குறைந்த பிறகும் நரம்பின் நிறம் மிச்சமிருக்கும். கண்ணுக்கு நீலமாகவோ பச்சையாகவோ தெரியும். உடனே `Hue/Saturation` திறந்து `Blues` பட்டையை இழுப்பார்கள். ஒன்றும் நடக்காது. நரம்பின் மேல் ஐட்ராப்பரை வைத்துப் பாருங்கள்: நம் தோலில் பெரும்பாலும் அது நீலமே அல்ல, அடர்த்தி குறைந்த, சாம்பல் கலந்த பழுப்பு. பக்கத்துத் தோல் செம்மையாக இருப்பதால் இது நீலமாகத் தோன்றுகிறது. ஒரு வெற்று லேயரை `Color` முறையில் வைத்து, நரம்பை ஒட்டியுள்ள தோலிலிருந்தே நிறம் எடுத்து, 10 முதல் 15 சதவீதத்தில் ஓரிரு முறை தடவினால் போதும். கன்னத்திலிருந்து நிறம் எடுக்காதீர்கள், மேக்கப் போட்ட கன்னமும் கையும் ஒரே நிறமாக இருப்பது அரிது. முட்டிகளின் கருமையும் இயல்பானதுதான். அதை வெளுத்தால் விரல்களுக்கு மடியும் இடம் எங்கே என்றே தெரியாமல் போகும்.

நகத்தடத்துக்கு `Healing Brush` போதும், ஏனென்றால் தடம் சின்னது. ஆனால் மணிக்கட்டில் தோலின் மடிப்புகள் குறுக்காக ஓடுகின்றன. மேலிருந்தோ கீழிருந்தோ தோல் எடுத்தால் மடிப்பு நடுவில் அறுந்து, தடம் இருந்த இடம் ஒட்டுப்போட்டதாகத் தெரியும். அதே மடிப்பின் நெடுக, அதே அளவு ஃபோகஸ் உள்ள இடத்திலிருந்து எடுக்க வேண்டும். முகத்துத் தோலைக் கொண்டுவந்து கையில் ஒட்டுவது கூடவே கூடாது: முகத்தில் இருப்பது துளை, கையின் மேல்புறம் இருப்பது பின்னிய சிறு கட்டங்கள். அம்மாவின் படத்தில் ஒரு தடம் வளையலை ஒட்டி இருந்தது. அங்கே ஹீலிங் செய்தபோது தங்க நிறம் தோலில் இழுவி மஞ்சள் கறையானது. அந்த இடத்தில் மட்டும் வளையலைத் தவிர்த்து செலக்‌ஷன் போட்டு, `Clone Stamp`பால் முடித்தேன். தடத்தைச் சுற்றியிருந்த சிவப்பு அப்போதும் போகவில்லை. அதற்கும் மேலே சொன்ன `Color` லேயர்தான்.

நகத்தில் ஆசைப்பட்டு அதிகம் செய்யாமலிருப்பதே நல்லது. நெடுக ஓடும் வரிகளைச் சற்று மங்கவைக்கலாம். ஆனால் நகத்தின் மேல் விழும் ஒளிக்கீற்றை அழித்தால் அதன் வளைவு போய்விடும். நகத்தைச் சுற்றியுள்ள மெல்லிய கருங்கோட்டை அழித்தால் விரலில் ஸ்டிக்கர் ஒட்டியது போல் இருக்கும். மஞ்சள் கறை இருந்தால் `Yellows` அடர்த்தியைப் பாதி மட்டும் குறையுங்கள். முழுதாகக் குறைத்தால் நகம் சாம்பல் நிறத்தில் உயிரில்லாமல் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கடினம். 300 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு வேலை செய்யும்போது எதுவும் போதுமானதாகத் தோன்றாது. நான் கையின் லேயர்கள் எல்லாவற்றையும் ஒரே குரூப்பில் போட்டு, முழு உருவமும் திரையில் தெரியும் அளவுக்குச் சின்னதாக்கி, குரூப்பின் `Opacity`யைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுவேன். பார்வை கைக்கு ஓடாமல் முகத்திலேயே தங்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். அம்மாவுக்கு 55ல் நின்றது. நரம்பு தெரிந்தது, துருத்தவில்லை. கழுத்தில் சுருக்கம் இருக்கும்போது கை மட்டும் இருபது வயதாக இருக்க முடியாதே. மகள் இந்த முறை கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஆல்பம் எப்போது வரும் என்றுதான் கேட்டார்.

இந்த வேலையில் பாதியைப் படம் எடுக்கும்போதே மிச்சம் பிடிக்கலாம். தொங்கும் கையில் ரத்தம் தேங்கி நரம்பு புடைக்கும். கிளிக் செய்வதற்கு முன் கையை ஒரு நிமிடம் தலைக்கு மேலே தூக்கச் சொன்னால் ரத்தம் இறங்கி நரம்பு அடங்கும். இறக்கிய அரை நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அப்புறம் திரும்ப வந்துவிடும். கையைத் தூக்கும்போது வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்துவிடும், அதை மட்டும் ஒருமுறை சரி பார்த்துக்கொள்ளுங்கள்.