நடுநிலையில் நிற்காமல் இறங்கிய பிரஸ்

எங்கள் பட்டறை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் லீவரை நடுவில் விட்டாலும் ராம் மெல்ல இறங்கியது. ராமின் எடையைத் தாங்குவது ராடு பக்கத்து எண்ணெய். அந்த எண்ணெய் வெளியேறாமல் தடுத்து, பைலட் லைனில் அழுத்தம் வந்தால் மட்டும் திறக்கும் பைலட் செக் வால்வு அந்த லைனில் ஏற்கெனவே இருந்தும் ராம் நிற்கவில்லை. சீல் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, சர்க்யூட்டைத் தாளில் வரைந்தேன்.

பம்ப், ரிலீஃப் வால்வு, எண்ணெயின் திசையை மாற்றும் 4 போர்ட் 3 நிலை வால்வு, சிலிண்டர் எல்லாவற்றையும் முழுக்கோட்டால் இணைத்தேன். செக் வால்வைத் திறக்கும் பைலட் லைன் மட்டும் விட்டுவிட்டு வரையும் கோடு; அது பிஸ்டனின் மேல்பக்க லைனிலிருந்து வருகிறது. திசை வால்வுக்கு மூன்று கட்டங்கள். நடுக்கட்டத்தில்தான் விடை இருந்தது: பம்பும் டேங்கும் இணைந்திருந்தன, சிலிண்டருக்குப் போகும் இரண்டு போர்ட்களும் குறுக்குக் கோட்டால் அடைபட்டிருந்தன. அதாவது பைலட் லைனில் சிக்கிய அழுத்தம் வெளியேற வழியில்லை. செக் வால்வு முழுசாக மூடாது.

அதனால் நடுநிலையில் நான்கு போர்ட்களும் டேங்கோடு சேரும் ஸ்பூல் உள்ள திசை வால்வைப் பழையதற்குப் பதிலாகப் போட்டேன். பைலட் அழுத்தம் உடனே இறங்கியது, செக் வால்வு மூடியது, ராம் நின்றது. பம்பும் சுமையில்லாமல் சுற்றுகிறது.

ராம் ரொம்ப கனமென்றால் இறங்கும்போது பைலட் செக் வால்வு திறந்து மூடி அதிரும். அங்கே எடைக்கு எதிரழுத்தம் கொடுத்து ராமைச் சீராக இறக்கும் கவுன்டர்பேலன்ஸ் வால்வுதான் சரி. எதை மாற்றுவதானாலும், குழாயைக் கழற்றும் முன் ராமுக்குக் கீழே கட்டை வைத்துத் தாங்குங்கள்.