கம்பு, தினை, கேழ்வரகு: எதை எவ்வளவு ஊறவைப்பது, எவ்வளவு தண்ணீர் வைப்பது

கம்பை அரிசிபோல அரை மணி நேரம் ஊறவைத்து, அரிசிக்கு வைக்கும் அளவுக்கே தண்ணீர் வைத்துக் குக்கரில் ஏற்றினால், திறக்கும்போது பருக்கை பல்லுக்குக் கட்டுப்படாமல் நிற்கும். அந்த அனுபவத்துக்குப் பயந்து தினையை இரவு முழுக்க ஊறவைத்தால், மறுநாள் அது குழைந்து பசையாகிவிடும். கேழ்வரகை முழுதாக வேகவைக்கப் பார்த்தாலோ எத்தனை விசில் விட்டாலும் தோல் நாக்கில் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். மூன்றிலும் தகராறு செய்வது தோல்தான். தோல் எந்த நிலையில் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால், ஊறும் நேரமும் தண்ணீர்க் கணக்கும் தானாகப் பிடிபடும்.

தினை உமி நீக்கப்பட்டு, வெளிர்மஞ்சளாகக் கடைக்கு வருகிறது. தண்ணீர் உள்ளே போவதற்குத் தடை அதிகம் இல்லை. கம்புக்கு உமி கதிரடிக்கும்போதே கழன்றுவிடும். ஆனால் சாம்பலும் பச்சையும் கலந்த அதன் தவிட்டுத் தோல் மணியிலேயே இருக்கும். கேழ்வரகில் தோல் உள்ளிருக்கும் மாவோடு ஒட்டிக் கிடக்கிறது. மாவுப் பகுதியோ மிக மென்மையானது. அரிசியைத் தீட்டுவதுபோலத் தீட்டினால் தோலுக்கு முன்னால் மணி நொறுங்கிவிடும். வட ஆற்காட்டு வீடுகளில் கேழ்வரகு களியாகவும் கூழாகவும் மட்டுமே பெரும்பாலும் இலைக்கு வருவதற்கு இதுதான் காரணம்.

அளவு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே எங்கெல்லாம் டம்ளர் என்று வருகிறதோ, அது 200 மில்லி டம்ளர். தானியத்தை ஊறவைப்பதற்கு முன்பே, காய்ந்த நிலையில் அளக்க வேண்டும். ஊறிய தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அது கணக்கில் சேராது. ஊறிய தானியத்தை அளந்து தண்ணீர் வைப்பதால்தான் பலருக்குச் சோறு கஞ்சியாகிறது.

கம்பஞ்சோறு

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கம்பிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்வேன். மூன்றில் இதுதான் கடினம். இது கைவந்துவிட்டால் மற்ற இரண்டும் எளிது.

ஒரு டம்ளர் கம்பை எடுத்துக்கொள்ளுங்கள். முகர்ந்து பாருங்கள். எண்ணெய் சிக்குப்பிடித்ததுபோல வாடை வந்தால் அதைச் சமைக்க வேண்டாம். கம்பில் கொழுப்பு மற்ற தானியங்களைவிட அதிகம். பழசானால் கசக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. நல்ல கம்பென்றால், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் கையால் தேய்த்துக் கழுவி, மிதக்கும் சருகையும் சொத்தை மணிகளையும் வடித்துவிடுங்கள். பிறகு கல் அரித்தெடுங்கள். களத்தில் அடித்த தானியத்தில் குறுமணலும் சிறு கல்லும் கிடக்கும். அரிக்காமல் வைத்த கம்பஞ்சோற்றில் அவை நறநறக்கும்போதுதான் தெரியவரும்.

கழுவிய கம்பு மூழ்கி, அதற்கு மேல் நான்கு விரல் நிற்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பத்து மணி நேரம்கூட ஆகலாம். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலுக்கு ஆறு மணி நேரத்திலேயே தண்ணீரில் நுரை கட்டும். அந்த நாட்களில் நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றுங்கள், இல்லையென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஊறிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மணியை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளையாக, காய்ந்த சுண்ணாம்புத் துகள்போல ஒரு புள்ளி இருந்தால் இன்னும் ஊற வேண்டும். குறுக்குவெட்டு முழுவதும் ஒரே ஈரநிறமாகத் தெரிந்தால் போதும்.

அடுத்த வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்பு கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் இட்டு இடித்து, முறத்தில் புடைத்துத் தோலைப் போக்குவார்கள். உரல் இல்லாத வீட்டில் மிக்ஸி போதும். ஊறிய கம்பை வடித்து, பருத்தித் துணியில் பரப்பிக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். மேலே ஈரம் ஒட்டாமல், உள்ளே மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். பிறகு மிக்ஸியில் போட்டு, ஓடவிடாமல், விட்டு விட்டு மூன்று நான்கு முறை சுற்றுங்கள். ஒவ்வொரு மணியும் இரண்டாக, மூன்றாக உடைந்தால் போதும். ரவைபோல ஆனால் சோறு கிடைக்காது, கஞ்சிதான் கிடைக்கும். உடைத்ததை ஒரு பாத்திரத் தண்ணீரில் கொட்டி மெதுவாகக் கலக்கினால் கழன்ற தோல் மேலே மிதந்து வரும். அதை வடித்துவிடுங்கள். இரண்டு முறை செய்தால் பாதித் தோலாவது போய்விடும். முழுவதும் போக வேண்டியதில்லை. கம்பின் மணம் தோலிலும் இருக்கிறது.

இப்போது அடி கனமான பாத்திரத்தில் நான்கு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். தளதளவென்று கொதித்த பிறகுதான் கம்பைப் போட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஏற்றினால் நொறுங்கிய மாவு அடியில் படிந்து பிடித்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் அடியோடு கிளறுங்கள். பிறகு தீயைக் குறைத்து, மூடி சற்றே திறந்திருக்க, இடையிடையே கிளறியபடி 25 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். பக்கத்து அடுப்பில் ஒரு டம்ளர் வெந்நீர் தயாராக இருக்கட்டும். தண்ணீர் வற்றிய பிறகும் பருக்கை நசுங்கவில்லையென்றால் அதைக் கால் டம்ளராகச் சேர்க்கலாம்; பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வேகும் சூடு அறுந்துபோகும். ஒரு பருக்கையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். நெருடாமல் நசுங்கினால் உப்பைப் போட்டுக் கிளறி, அடுப்பை அணைத்து, மூடிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அணைக்கும்போது சற்றுத் தளர்வாகத்தான் இருக்கும். ஆற ஆறக் கெட்டிப்படும் என்பதால், அடுப்பிலேயே கெட்டியாக்கப் பார்க்காதீர்கள்.

உடைக்க நேரமில்லாதவர்கள் ஊறிய முழுக் கம்பை ஒன்றுக்கு மூன்று என்று தண்ணீர் வைத்துக் குக்கரில் ஆறு விசில் விட்டு, பிறகு பத்து நிமிடம் சிறுதீயில் வைத்து, ஆவி தானே அடங்கவிட்டுத் திறக்கலாம். வெந்திருக்கும், ஆனால் மணிமணியாக, மெல்ல வேண்டியதாக இருக்கும். தாளித்துச் சுண்டல்போலச் சாப்பிட நன்று. சோற்றுக்கு உடைத்த கம்புதான் என் தேர்வு. எந்தத் தானியமானாலும் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடும்; அது ஆபத்து.

மிஞ்சிய சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவையுங்கள். மறுநாள் காலை அந்தத் தண்ணீரோடு கரைத்து, மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால் அதுவே கம்மங்கூழ்.

தினைச் சோறு

இதற்கு அவ்வளவு பேச்சில்லை. வாங்கும்போது மட்டும் கவனம்: பறவைகளுக்கென்று விற்கும் தினை பளபளப்பான உமியோடு இருக்கும். அது நமக்கு ஆகாது. உமி நீக்கிய தினை மங்கலாக, பளபளப்பில்லாமல் இருக்கும்.

ஒரு டம்ளர் தினையைக் கழுவி, கல் அரித்து, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வடித்த தினையைப் போட்டு ஒரே ஒரு முறை கிளறி, சிறுதீயில் மூடிவிடுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் தண்ணீர் வற்றிவிடும். நடுவில் கரண்டி போடாதீர்கள். கிளறக் கிளற மணி உடைந்து மாவு வெளியேறிச் சோறு ஒட்டிக்கொள்ளும். அணைத்துப் பத்து நிமிடம் மூடியே வைத்து, பிறகு முள்கரண்டியால் ஓரத்திலிருந்து உதிர்த்துவிடுங்கள். குக்கரில் வைப்பவர்களுக்கு இரண்டு டம்ளர் தண்ணீரும் இரண்டு விசிலும் போதும். பொங்கலாகக் குழைய வேண்டுமென்றால் நான்கு டம்ளர். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வரும் சாமை கிடைத்தால் அதையும் இதே கணக்கில் சமைக்கலாம்.

கேழ்வரகுக் களி

கேழ்வரகில் ஊறவைப்பது மணிக்கு அல்ல, மாவுக்கு, அதுவும் கூழுக்குத்தான். களிக்கு மாவை ஊறவைக்க வேண்டியதில்லை. இங்கே மென்மையைக் கொடுப்பது அரிசி நொய்.

கால் டம்ளர் நொய்யைக் கழுவி, மூன்று டம்ளர் தண்ணீரில் போட்டுக் குழைய வேகவிடுங்கள். வெந்ததும் உப்புப் போட்டு, அந்தக் கஞ்சித் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் நொய்யின் நடுவில் ஒரு டம்ளர் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டுங்கள். உடனே கிளறக் கூடாது. களிக்கட்டையின் காம்பால் குவியலில் இரண்டு மூன்று துளை போட்டு, தீயைக் குறைத்து மூடி, ஐந்து நிமிடம் விடுங்கள். கஞ்சி துளை வழியாக மேலே கொதித்து வந்து மாவை அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் வேகவைக்கும். பிறகு பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, களிக்கட்டையால் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துத் தேய்த்துக் கிளறுங்கள். கட்டி எல்லாம் பாத்திரச் சுவரோடு நசுங்க வேண்டும். மாவு காய்ந்து தெரிந்தால் எடுத்துவைத்த கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மாவின் பழமையைப் பொறுத்து அது முழுவதும் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். மறுபடி ஐந்து நிமிடம் சிறுதீயில் மூடிவையுங்கள்.

கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டுப் பாருங்கள். கையில் ஒட்டாமல், மேற்பரப்பு மினுமினுப்பாக, நிறம் அடர்ந்த பழுப்பாக மாறியிருந்தால் வெந்துவிட்டது. வெளிறிய நிறமும் பச்சை மாவு வாடையும் இருந்தால் இன்னும் சிறுதீயில் இருக்கட்டும். நனைத்த கிண்ணத்தில் ஒரு கரண்டி போட்டுச் சுழற்றினால் உருண்டை தானாகத் திரளும். கருவாட்டுக் குழம்போ கீரைக் கடைசலோ வேர்க்கடலைச் சட்னியோ, எதுவானாலும் களி சூடாக இருக்கும்போதே ஊற்றுங்கள்.

கூழுக்கென்றால் முதல் நாள் மாலையே ஒரு டம்ளர் மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடிவைக்க வேண்டும். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழின் இளம்புளிப்பு அந்த ஓர் இரவில் வருவது. மறுநாள் கால் டம்ளர் நொய்யை நான்கு டம்ளர் தண்ணீரில் குழையவிட்டு, புளித்த கரைசலை ஊற்றி, கைவிடாமல் கிளறுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பளபளப்பு ஏறி, கரண்டியிலிருந்து கனமாக வழியும். அப்போது இறக்கி, ஆறிய பின்தான் மோர் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் மோர் திரிந்துவிடும்.

கேழ்வரகு மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரு மாதம் வைத்துக்கொள்ளலாம். கம்பு மாவை மட்டும் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவுக்கே அரைத்து வாருங்கள். மாவானதும் அதன் கொழுப்பில் காற்றுப் பட்டு விரைவில் கசக்கத் தொடங்கிவிடும்.