கபடிப் போட்டிக்கு ஸ்பான்சர் கேட்டு கேப்ஷன் எழுதுவது எப்படி?

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் காணும் பொங்கலன்று இரவுக் கபடி நடத்துகிறோம். இன்ஸ்டாகிராமில் முதல் வருடம் நாங்கள் போட்ட கேப்ஷனில் "ஆயிரக்கணக்கானோர் திரளும் மாபெரும் விழா" என்று இருந்தது. அதைப் படித்த உரக்கடைக்காரர், "எத்தனை ஆயிரம் தம்பி?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அதனால் முதல் வேலை எண்ணுவதுதான். போன வருடம் இரவு எட்டு மணிக்கு, ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், மைதானத்தின் நான்கு பக்கமும் பத்துப் பத்துப் பேராக எண்ணினோம். 600 பேர் வந்தது. அடுத்து இன்ஸ்டாவின் Insights. அங்கே வியூஸை எடுக்காதீர்கள். ஒரே ஆள் நாலு முறை பார்த்தாலும் நாலாகத்தான் ஏறும். ரீச் என்பது எத்தனை கணக்குகள் பார்த்தன என்பது. எங்கள் ரீலுக்கு அது 4,300. பார்த்தவர்கள் எந்த ஊர் என்பதையும் கவனியுங்கள். சென்னையில் இருப்பவர் பார்த்து மன்னார்குடி உரக்கடைக்கு என்ன லாபம்?

அடுத்தது தொகை. எங்களுக்குத் தேவை 60,000 ரூபாய். 20,000 தருபவர் ஒருவர், 8,000 தருபவர் மூவர், 2,000 தருபவர் எட்டுப் பேர் என்று பிரித்தால் கணக்கு சரியாக வரும். ஒவ்வொரு படிக்கும் எத்தனை இடம் என்று எழுதியே ஆக வேண்டும். இல்லையென்றால் இரண்டு நகைக்கடைகள் ஒரே ஜெர்சிக்குப் போட்டி போடும், சமாதானம் பண்ணியே பொங்கல் போய்விடும்.

இனி கேப்ஷன். இன்ஸ்டாவில் முதல் இரண்டு வரிதான் வெளியே தெரியும், மீதி மடங்கிவிடும். வாழ்த்தை அங்கே வைக்காமல் விஷயத்தை வையுங்கள்:

"காணும் பொங்கல் இரவுக் கபடி. நேரில் 600 பேர் பார்க்கும் மைதானத்தில் உங்கள் கடைப் பெயர்.
போன வருட ரீல் சென்றடைந்த கணக்குகள்: 4,300.
முதல் பரிசு உபயம் ரூ.20,000 (1 இடம்): எங்கள் அணி ஜெர்சியில் பெயர், மேடை ஃப்ளெக்ஸ், கோப்பை வழங்கும் வாய்ப்பு.
ஆட்ட உபயம் ரூ.8,000 (3 இடம்): மைதான ஓரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ், ஒவ்வோர் இடைவேளையிலும் மைக்கில் அறிவிப்பு.
நண்பர் உபயம் ரூ.2,000 (8 இடம்): நோட்டீஸில் பெயர், ஒரு நன்றிப் பதிவு.
கடைசி நாள்: ஜனவரி 2. வாட்ஸ்அப் இணைப்பு பயோவில்."

பயோ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இன்ஸ்டா கேப்ஷனில் ஒட்டிய இணைப்பைத் தொட்டால் திறக்காது. ஜனவரி 2 என்பதும் சும்மா போட்டதல்ல. ஜெர்சி அச்சுக்குப் பத்து நாளாவது வேண்டும். "மைக்கில் அறிவிப்பு" என்று மட்டும் எழுதி விட்டுவிடவும் கூடாது. ஒருமுறை அப்படிச் செய்து, அறிவிப்பாளர் ஆட்ட மும்முரத்தில் ஒரு தடவைதான் பெயர் சொன்னார்; பணம் கொடுத்தவர் முகம் சுருங்கிவிட்டது. இப்போது இடைவேளைதோறும் படிக்க ஒரு சீட்டை எழுதி அவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.