பணகுடிக் காற்றாலை பின்னோக்கிச் சுற்றியது ஏன்? ஃபோனை வைத்தே அலியாசிங்கைப் பார்க்கலாம்

ஆனி மாதம் பணகுடிப் பக்கம் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஒரு காற்றாலைகூட சும்மா நிற்காது. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, ஃபோனை ஒரு கல்லில் சாய்த்து, விநாடிக்கு ஒரு படம் வீதம் டைம்லாப்ஸ் எடுத்தோம். வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தபோது அக்கா மகன் கேட்டான்: "மாமா, இந்தக் காத்தாடி ஏன் ரிவர்ஸ்ல சுத்துது?"

நேரில் அது கடிகார முள் போகும் திசையில்தான் சுற்றியது. படத்தில் எதிர்த்திசையில், அதுவும் மெதுவாகச் சுற்றியது. ஃபோனில் கோளாறு இல்லை. சீரான இடைவெளியில் அளவெடுக்கும் எந்தக் கருவியும் செய்வதைத்தான் அதுவும் செய்தது. இதற்குப் பெயர் அலியாசிங். வேகமான ஓர் அசைவு, வேறொரு மெதுவான அசைவின் வேஷத்தில் வந்து நிற்பது.

முதலில் உண்மையான வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

ஓர் இறக்கையைக் கண்ணால் தொடர்ந்து, 10 சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நாங்கள் பார்த்த காற்றாலைக்கு 40 விநாடி. அதாவது ஒரு சுற்றுக்கு 4 விநாடி, விநாடிக்கு 90 பாகை.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். மூன்று இறக்கையும் பார்க்க ஒரே மாதிரி. 120 பாகை சுற்றினால் ஓர் இறக்கை இருந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். படத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே கேமராவைப் பொறுத்தவரை ஒரு முழு அலை என்பது 360 பாகை இல்லை, 120 பாகைதான்.

அடுத்து, ஃபோன் பார்த்ததைக் கணக்குப் போடுங்கள்

பைத்தான் இருந்தால் இதை ஓட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் தாளில் எழுதினாலும் போதும்.

```
step = 90
for n in range(7):
    print(n, (step * n) % 120)
```

கோணம் 0, 90, 60, 30, 0, 90, 60 என்று வரும். முதல் 0-வை 120 என்று நினைத்துக்கொண்டு வாசியுங்கள்: 120, 90, 60, 30, 0. ஒவ்வொரு படத்துக்கும் 30 பாகை குறைகிறது. பையன் பார்த்த ரிவர்ஸ் இதுதான். விநாடிக்கு 30 பாகை என்றால் ஒரு சுற்றுக்கு 12 விநாடி. டைம்லாப்ஸைப் படம் படமாக நகர்த்தி எண்ணினால் 12 படத்துக்கு ஒரு சுற்று சரியாக வருகிறது.

இப்போது `step`-ஐ மாற்றிப் பாருங்கள். 50 போட்டால் 0, 50, 100, 30, 80 என்று முன்னோக்கியே போகும், உண்மையும் அதுதான். 120 போட்டால் எல்லாம் 0. வேகமாகச் சுற்றும் காற்றாலை படத்தில் அசையாமல் நிற்கும். 210 போட்டால் 90-க்கு வந்த அதே எண்கள் வரும். 60-ஐ மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள்: 0, 60, 0, 60. இறக்கை முன்னால் 60 போனதா, பின்னால் 60 போனதா? இரண்டுக்கும் படம் ஒன்றே.

அந்த 60, முழு அலையான 120-இல் பாதி. விநாடிக்கு எத்தனை அளவு எடுக்கிறோம் என்பதே சாம்பிள் வீதம். "சாம்பிள் வீதத்தில் பாதி" என்ற எல்லை இங்கேதான் பிறக்கிறது. இரண்டு படங்களுக்கு நடுவே அரை அலைக்குக் குறைவாக நகர்ந்தால், குறுகிய வழியே உண்மையான வழி. அரை அலையைத் தாண்டிவிட்டால் பின்னோக்கிய வழி குறுகியதாகிவிடும், பார்க்கிற எவரும் அதையே நம்புவார்கள். தந்திச் சமிக்ஞைகளை ஆராய்ந்தபோது 1928-இல் ஹாரி நைக்விஸ்ட் எழுதியதால் இந்த எல்லைக்கு அவர் பெயர். 1949-இல் கிளாட் ஷானன் இதைத் தேற்றமாக நிறுவிக் காட்டினார்.

ஓர் இறக்கையில் மட்டும் சிவப்புப் பட்டை இருந்தால் கதை மாறும். அப்போது முழு அலை 360 பாகை, எல்லை 180. அதே காற்றாலை, அதே விநாடிக்கு ஒரு படம், ஆனால் 90 பாகை நகர்வு சரியாகவே தெரியும். நிரலில் 120-ஐ 360 ஆக்கிச் சோதித்துக்கொள்ளலாம்.

பொய் வேகத்தைப் பிடிப்பது எப்படி?

ஒரே ஒரு பதிவை வைத்துக்கொண்டு பிடிக்க முடியாது. இடைவெளியை மாற்றி இன்னொரு முறை எடுக்க வேண்டும். உண்மையான வேகம் மாறாது, பொய் வேகம் மாறிவிடும்.

0.8 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் இறக்கை படத்துக்கு 72 பாகை நகரும். 60-ஐத் தாண்டியதால் பின்னோக்கி 48 பாகையாகத் தெரியும், அதாவது விநாடிக்கு 60 பின்னோக்கி. முதல் பதிவோ 30 பின்னோக்கி என்றது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஆக ஒன்றாவது பொய்.

உண்மையையும் இதிலிருந்தே எடுக்கலாம். முதல் பதிவுக்குப் பொருந்தக்கூடிய வேகங்கள் −30, 90, 210, 330 என்று 120 கூடிக்கொண்டே போகும். இரண்டாவதற்கு −60, 90, 240 என்று 150 கூடும். இரண்டிலும் இருப்பது 90. அடுத்த பொது எண் 690. அது நிமிடத்துக்கு 115 சுற்று, இவ்வளவு பெரிய காற்றாலை அப்படிச் சுற்றாது. கீழே போனால் −510, அதுவும் நடக்காது.

இதே சங்கதி கிணற்று மோட்டாரில்

தெரிந்த ஒருவர் தோட்டத்துப் பம்புசெட்டில் அதிர்வு சென்சார் மாட்டி, விநாடிக்கு 50 அளவு எடுத்தார். திரையில் விநாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் அழகான அலை. அடித்தளம் ஆடுகிறது என்று நினைத்து போல்ட்டையெல்லாம் கழற்றி மாட்டினார். அலை அப்படியே இருந்தது.

மோட்டார் நிமிடத்துக்கு 2880 சுற்று, விநாடிக்கு 48. 50 அளவில் பாதி 25. 48 அதைத் தாண்டியது. 50-இலிருந்து 48-ஐக் கழித்தால் 2. அவர் துரத்தியது அந்த 2-ஐ.

பதிவான பிறகு மென்பொருளில் சராசரி எடுத்து இதை நீக்க முடியாது. சேமித்த எண்களில் பொய்யான 2 ஹெர்ட்ஸும் நிஜமான 2 ஹெர்ட்ஸும் ஒன்றுபோலவே இருக்கும். வேகமான அலைகளைத் தடுக்கும் வடிகட்டி அளவெடுப்பதற்கு முன்னால், சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். அவர் முதலில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டார். அதன் வெட்டு அலைவெண், அதாவது அலைகளைக் கணிசமாகக் குறைக்கத் தொடங்கும் இடம், சுமார் 16 ஹெர்ட்ஸ், ஆனால் இவ்வளவு எளிய வடிகட்டி சரிவாகத்தான் குறைக்கும். 48 ஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வந்துவிட்டது. பொய் அலை சிறுத்தது, போகவில்லை.

அப்புறம் விநாடிக்கு 400 அளவாக ஏற்றி, வெட்டு அலைவெண்ணை 100 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தார். 2 ஹெர்ட்ஸ் அலை திரையிலிருந்து போய்விட்டது. அலைவெண் வரைபடத்தில் 48-இல் ஒரு தெளிவான முனை எழுந்தது. பம்பின் வாயிலில் இருந்த வால்வை லேசாகத் திருகியதும் அந்த முனையின் உயரம் கூடவே மாறியது.