ஹெல்ம்ஹோல்ட்ஸா, கிப்ஸா? பெரும வேலைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூணாறு பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு பி.எஸ்சி. வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். வெப்ப இயக்கவியலில் வருஷம் தவறாமல் வரும் கேள்வி இது: "சார், கனஅளவே மாறலைன்னா வேலை எங்கிருந்து வரும்? அப்புறம் எப்படி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் பெரும வேலை ஆகும்?"

நியாயமான கேள்விதான். இரண்டு தனித்தனி முடிவுகளை ஒரே வரியில் மனப்பாடம் செய்வதால் வருகிற குழப்பம் இது. வெப்பநிலை மட்டும் மாறாமல் இருந்தால், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் A குறைகிற அளவு, கிடைக்கக்கூடிய மொத்த வேலையின் உச்சவரம்பு. வாயு விரிந்து வெளிக்காற்றைத் தள்ளும் வேலையும் அதில் சேரும். கனஅளவும் மாறாமல் இருந்தால் தள்ளும் வேலை பூஜ்யம். அப்போது அதே குறைவு, மின்வேலை போன்ற மற்ற வேலைக்கு உச்சவரம்பு ஆகிறது. வெப்பநிலையும் அழுத்தமும் மாறாதபோது மற்ற வேலைக்கு வரம்பு சொல்வது கிப்ஸ் ஆற்றல் G.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளியும். ஒரு மோல் துத்தநாகம் அமிலத்தில் கரைந்து ஒரு மோல் ஹைட்ரஜன் வருகிறது. 25 டிகிரி, 1 பார், திட்ட நிலை. ΔH = −153.9 கிலோஜூல், ΔG = −147.0 கிலோஜூல். வாயு ஒரு மோல் கூடுவதால் PΔV = RT = 2.48 கிலோஜூல், துத்தநாகம், கரைசல் இவற்றின் கனஅளவு மாற்றம் மிகச் சிறியது, விட்டுவிடலாம். அப்படியானால் ΔA = ΔG − PΔV = −149.5 கிலோஜூல். இதையே மின்கலமாக அமைத்து மிக மெதுவாக ஓட்டினால் 0.762 வோல்ட்டில் 147.0 கிலோஜூல் மின்வேலை கிடைக்கும். மீதி 2.48 கிலோஜூல் வெளிக்காற்றைத் தள்ளவே போய்விடும். மொத்தம் 149.5.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒன்று கேட்பார்கள்: மூணாறு சுமார் 1500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் ஏறக்குறைய 0.85 பார்தான், அப்போது தள்ளும் வேலை குறையாதா? குறையாது. அழுத்தம் குறைந்த அளவுக்கு வாயுவின் கனஅளவு கூடிவிடும்; 24.8 லிட்டர் 29.2 லிட்டராகும். பெருக்கினால் அதே 2.48. மாறுவது மின்வேலைதான்: ஹைட்ரஜனின் அழுத்தம் குறைவதால் அது சுமார் 0.4 கிலோஜூல் கூடும்.

அடுத்த தவறு, 'பெரும' என்ற சொல்லைத் தாண்டிப் போவது. துத்தநாகத் துண்டை நேராக அமிலத்தில் போட்டால் மின்வேலை சுத்தமாகக் கிடையாது. வெப்பநிலை மாறாமல் வைத்தால் 153.9 கிலோஜூலும் வெப்பமாக வெளியேறும். ஆனால் தொடக்கமும் முடிவும் அதே நிலைகள் என்பதால் ΔA, ΔG இரண்டும் மாறவில்லை. அவை சொல்வது வரம்பு. அந்த வரம்பைத் தொடுவது மீள் செயல்முறை மட்டுமே. விடைத்தாளில் "ΔG = −147, ஆகவே 147 கிலோஜூல் வேலை நடந்தது" என்று எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன்.

நல்ல மாணவர்களும் வழுக்குவது இனி வருவதில்தான். "திறந்த கலத்தில் 147.0. அதே கலத்தைக் கனஅளவு மாறாத இறுக்கமான பாத்திரத்தில் அடைத்துவிட்டால், காற்றைத் தள்ளும் 2.48 மிச்சமாகி 149.5 முழுக்க மின்வேலையாகக் கிடைக்குமே?" கிடைக்காது. 149.5 என்பது ஹைட்ரஜன் 1 பாரிலேயே வெளியேறும் செயலுக்கான ΔA. அடைத்த பாத்திரத்தில் முடிவு நிலையே வேறு.

பாத்திரத்தில் கரைசலுக்கு மேலே 24.8 லிட்டர் இடம், அதில் ஏற்கெனவே ஒரு மோல் ஹைட்ரஜன், 1 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைசல் நிறைய இருப்பதால் அதன் செறிவு மாறவில்லை என்றும் கொள்வோம். கலம் ஓட ஓட அழுத்தம் ஏறும், வோல்ட் இறங்கும். இன்னொரு மோல் ஹைட்ரஜன் வந்து முடியும்போது அழுத்தம் 2 பார், மின்னழுத்தம் சுமார் 0.753 வோல்ட். வழிநெடுகக் கூட்டினால் இழப்பு RT(2 ln 2 − 1), அதாவது 0.96 கிலோஜூல். ஆக இந்தப் பாத்திரத்துக்கு ΔA = −146.0 கிலோஜூல், கிடைக்கும் மின்வேலையும் அதிகபட்சம் அவ்வளவுதான். திறந்த கலத்தைவிடக் கூடவில்லை, குறைந்திருக்கிறது.

தொடக்கக் கணத்தில், ஹைட்ரஜன் 1 பாரில் இருக்கும்போது, இரண்டு கலங்களும் ஒரே 0.762 வோல்ட்டைத்தான் காட்டும். ஒரே கலவையில் வினை ஒரு துளி நகர்ந்தால், T, V மாறாதபோது A குறையும் அளவும் T, P மாறாதபோது G குறையும் அளவும் ஒன்றே. இரண்டையும் தருவது வேதி நிலையாற்றல்களின் அதே கூட்டுத்தொகை. வேறுபாடு முளைப்பது வினை தொடர்ந்து நகரும்போது, பாத்திரத்துக்குள் அழுத்தம் ஏறுவதால்தான்.