புகார்களை எண்ணினால் மட்டும் இடைவெளி தெரியாது

நெரிசலான சந்தையில் இன்னும் யாரும் தீர்க்காத தேவையை, அதாவது இடைவெளியைத் தேடி நுழைய நினைப்பவர்கள் போட்டியாளர்களின் பொருட்களுக்கு வந்திருக்கும் ஒரு ஸ்டார் விமர்சனங்களைத்தான் முதலில் புரட்டுவார்கள். எந்தப் புகார் அதிகமோ, அதைச் சரிசெய்து ஒரு பொருள் கொண்டுவந்தால் போதும் என்று நினைப்பார்கள். முதல் தவறே இதுதான்.

சூடு காக்கும் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு ஸ்டார் விமர்சனங்களில் "தாமதமாக வந்தது", "நசுங்கி வந்தது" போன்றவை நிறைய இருக்கும். அவை டெலிவரியைப் பற்றியவை, அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். இரண்டு, மூன்று ஸ்டார் கொடுத்தவர்களை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அவர்கள் பொருளைக் கொஞ்ச நாள் புழங்கியவர்கள். எது பிடித்தது, எது உறுத்துகிறது என்று பிரித்துச் சொல்வார்கள்.

அடுத்த தவறு, ஒரே மாடலின் புகார்களோடு நின்றுவிடுவது. குறுகிய வாய் ஃப்ளாஸ்க்கை வாங்கியவர்கள் "உள்ளே கைவிட்டுக் கழுவ முடியவில்லை" என்பார்கள். சரி, வாயை அகலமாக்கலாம் என்று தோன்றும். ஆனால் அகல வாய் மாடலின் பக்கம் போனால் "குடிக்கும்போது முகத்தில் கொட்டுகிறது" என்று இருக்கும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடுகிறது. இரண்டு பக்கமும் புகார் இருந்தால் அதை இடைவெளி என்று எண்ணி ஏமாறக் கூடாது.

இப்போது எண்ணிக்கையில் சிறியதாகத் தெரியும் ஒரு புகாரைப் பாருங்கள்: மூடியில் உள்ள சிலிகான் வளையத்தில் பழைய வாடை தங்கிவிடுகிறது, வளையத்தைக் கழற்றவும் முடியவில்லை. சிலிகான் வாடையை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் என்பதால் எந்தப் பிராண்டிலும் இது வரலாம். சிலர் கத்திமுனையால் நெம்பி எடுக்கிறார்கள், சிலர் வேறு மாடலின் வளையத்தைப் பொருத்திப் பார்க்கிறார்கள், "வளையம் மட்டும் தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். இப்படி ஆட்கள் தாங்களாகவே மெனக்கெடுவதுதான் உண்மையான இடைவெளிக்கு நான் நம்பும் அடையாளம்.

அப்புறம், "இதை ஏன் இதுவரை யாரும் சரிசெய்யவில்லை?" என்று கேட்காமல் விடுவதும் பெரிய தவறு. வாக்யூம் கிளீனரின் தூசிப்பை அடைத்து உறிஞ்சும் வேகம் குறைவது பழைய புகார். ஆனால் மாற்றுப் பைகளை விற்பது நிறுவனங்களுக்கு வருமானமாக இருந்தது. பிரிட்டன் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்துபார்த்து, 1993-ல் பையில்லாத டிசி01 மாடலைச் சொந்தமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். இருப்பவர்களின் வருமானம் தடையாக இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு உண்டு. இயற்பியலோ தயாரிப்புச் செலவோ தடை என்றால் உங்களையும் அதே தடை நிறுத்தும்.

வளையத்தைப் பொறுத்தவரை, கழற்றக்கூடிய மூடியும் இரண்டு உபரி வளையங்களும் சேர்த்து ஒரு சிறு தொகுதியைச் சற்றுக் கூடுதல் விலையில் விற்றுப் பாருங்கள். புகார் எழுதுகிறவர் எல்லோரும் அதற்காகப் பணம் தருவதில்லை. ஃப்ளாஸ்க்கே வேண்டாம் என்று விலகிப்போனவர்கள் எதையும் எழுதியிருக்க மாட்டார்கள், அவர்களைத் தேடிப்போய் நேரில் கேட்க வேண்டியிருக்கும்.