ஆள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ரிப்பேர் வேலை: நேரம், தூசி, லிஃப்ட் விதிகளை எழுதுவது எப்படி?

கோயம்புத்தூர் பக்கம் இப்போது பத்துப் பதினைந்து வருடப் பழைய அபார்ட்மென்ட்டுகளில் எங்கே பார்த்தாலும் பாத்ரூம் உடைத்துக் கட்டும் வேலை நடக்கிறது. அசோசியேஷனில் புதிதாகச் செயலாளர் ஆனவருக்கு முதலில் வந்து நிற்கும் தலைவலியும் இதுதான். "சத்தம் போடாமல், தூசி வராமல் செய்யவும்" என்று நோட்டீஸ் ஒட்டினால் ஒன்றும் நடக்காது. மேஸ்திரி அன்றாடம் பின்பற்றக் கூடிய விதியாக எழுத வேண்டும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஐந்து மாடி, ஒரே ஒரு ஆறு பேர் லிஃப்ட். மூன்றாவது மாடி வீட்டில் இரண்டு பாத்ரூமின் டைல்ஸையும் முழுசாகப் பெயர்த்து மாற்றப் போகிறார்கள்.

படி 1: முதலில் இடிபாட்டைக் கணக்குப் போடுங்கள்

பலரும் நேரத்தில் இருந்து தொடங்குவார்கள். நான் லிஃப்டில் இருந்து தொடங்கச் சொல்வேன். நேரம் தானாக வந்துவிடும்.

பாத்ரூம் ஒவ்வொன்றும் 5க்கு 8 அடி, சுவரில் 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால், தரையையும் கூட்டி, கதவைக் கழித்து, இரண்டுக்கும் சேர்த்து சுமார் 410 சதுர அடி. பழைய டைல்ஸும் அதன் பின்னால் இருக்கும் கலவையும் சேர்ந்து சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ வரும். ஆக 2 டன். பாத்ரூம் தரைக்கு அடியில் நிரப்பியதையும் தோண்டினால் இன்னும் கூடும்.

ஆறு பேர் லிஃப்டின் உள்ளே 408 கிலோ என்று எழுதியிருக்கும், ஆளுக்கு 68 கிலோ கணக்கு. அதில் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது என்று எழுதுங்கள். மூட்டையை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை, இடிபாடு ஈரமாக இருந்தால் இன்னும் கனக்கும், எல்லாம் ஒரே மூலையில் குவியும். எனவே ஒரு நடைக்கு 25 கிலோ மூட்டை ஐந்து, கூட ஒரே ஒரு ஆள். மொத்தம் 80 மூட்டை, 16 நடை. ஏற்றி, இறக்கி, திரும்பி வர ஆறு நிமிடம் வைத்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்படியென்றால் இரண்டு மதியம் தேவை. இந்தக் கணக்கு கையில் இல்லாமல் "லிஃப்டைக் குறைவாகப் பயன்படுத்தவும்" என்று எழுதினால் அது வெறும் வார்த்தைதான்.

படி 2: அதைச் சுற்றி நேரத்தைப் பிரியுங்கள்

மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரைதான். அதை மட்டும் பிடித்துக்கொண்டால் காலை ஆறரைக்கே டைல்ஸை உடைக்கும் பிரேக்கர் மெஷினை ஓட்டலாம் என்று ஆகிவிடும். ஆகவே அசோசியேஷன் தனக்கென்று சுருக்கமான நேரத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிரேக்கரின் அதிர்வு காற்றில் மட்டும் வருவதில்லை, கான்கிரீட் வழியாகவே ஓடுகிறது. இரண்டு மாடி தள்ளி இருப்பவர் கதவை மூடிக்கொண்டாலும் தப்ப முடியாது. எனவே வேலை நேரம் வேறு, சத்த நேரம் வேறு என்று பிரிக்க வேண்டும். எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது இது:

காலை 9 மணிக்கு ஆட்கள் உள்ளே வரலாம். உடைப்பது, துளையிடுவது, சுவரில் காடி வெட்டுவது 10 முதல் 1 வரை. மதியம் 2 முதல் 3.30 வரை சத்தமில்லாத வேலை மட்டும். மூட்டை இறக்குவதும் அப்போதுதான். பள்ளி வேன் வரும் 3.30 முதல் 5 வரை சரக்குக்கு லிஃப்ட் கிடையாது, வீட்டுக்குள் வேலை நடக்கலாம். 5க்குப் பிறகு சுத்தம் செய்து 6க்கு வெளியேற வேண்டும். ஞாயிறு வேலை இல்லை.

மேஸ்திரி கட்டாயம் கேட்பார்: "ஏனுங்க, காலையில எட்டுக்கே ஆரம்பிச்சா வெரசா முடிச்சிருவோமுங்களே?" அவர் கேட்பதில் தப்பில்லை, நாள் கூலிக்கு ஆள் வைத்திருப்பவர். அதனால்தான் விதித்தாளை கொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே கொடுக்கச் சொல்கிறேன். மூன்று மணி நேரம்தான் உடைக்க முடியும் என்று தெரிந்தால் அதற்கேற்ற நாளையும் கூலியையும் போட்டு விலை சொல்வார். வேலை தொடங்கிய பிறகு கொடுத்தால் தினமும் சண்டைதான்.

படி 3: தூசியை வீட்டுக்குள்ளேயே நிறுத்துங்கள்

வாசல் கதவுக்கு உள்பக்கம் தடித்த பிளாஸ்டிக் தாளை மேலிருந்து கீழ் வரை டேப் போட்டு ஒட்டி, நடுவில் ஒரு கீறல் விட்டு, அதன் மேல் இன்னொரு தாளைத் திரை போலத் தொங்கவிட வேண்டும். வாசல்படியில் ஈரச் சாக்கு. அது காய்ந்துவிட்டால் பயனே இல்லை, அதனால் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை ஒரு ஆளிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து அடிக்கும் காற்று நமக்குத் தெரிந்ததுதான். அந்த மாதங்களில் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்து உடைத்தால், தூசி மொத்தமும் வாசல் வழியாகக் காரிடாருக்குத் தள்ளப்படும். மேற்கு ஜன்னலை மூடிவிட்டு, கிழக்கு ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேனை வெளிப்பக்கம் தள்ளுமாறு வைக்க வேண்டும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம்: வாசல் பிளாஸ்டிக் திரை வீட்டுக்குள் இழுபட்டு நின்றால் சரி, காரிடார் பக்கம் உப்பினால் தூசி வெளியே வருகிறது.

டைல்ஸ் வெட்டுவதைக் காரிடாரிலும் பால்கனியிலும் தடை செய்யுங்கள். நேர் வெட்டுக்குக் கீறி உடைக்கும் கை கட்டரே போதும், தூசியே வராது. மூலைக்கும் ஓட்டைக்கும் மட்டும் மெஷின், அதுவும் தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மெஷின். இந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் இறங்கக் கூடியது; மூக்கில் துண்டு கட்டினால் நிற்காது, ஆட்களுக்கு என்95 மாஸ்க் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

தண்ணீர் விட்டு வெட்டினால் சேறு வரும். அதைப் பாத்ரூம் ஓட்டையில் ஊற்றினால் எல்லா வீட்டுக்கும் பொதுவான கீழ்க்குழாயில் இறுகி, முதல் மாடிக்காரர் வீட்டில் தண்ணீர் எதிர்க்கும். வேலை தொடங்கும்போதே ஓட்டையை அடைக்க வேண்டும். சேற்றை வாளியில் ராத்திரி தெளியவிட்டு, அடியில் தங்கியதை மூட்டையில் கட்ட வேண்டும்.

படி 4: லிஃப்ட்

எடையைவிட லிஃப்டைக் கெடுப்பது கதவுக்கு அடியில் இருக்கும் காடிதான். அதில் நான்கு எம்-சாண்ட் மணல் விழுந்தாலே கதவு நறநறவென்று உரசும். பிறகு மூடப் போய்த் திரும்பத் திரும்பத் திறக்கும். மூட்டைக்குள் பிளாஸ்டிக் உறை கட்டாயம். லிஃப்ட் தரையில் ரப்பர் பாய், ஆனால் அது காடியை மூடக் கூடாது. தினமும் சரக்கு நேரம் முடிந்ததும் காடியைச் சின்ன பிரஷ்ஷால் கூட்டி எடுக்க வேண்டும், கழுவக் கூடாது. தண்ணீர் கீழே குழிக்குள் இறங்கி அங்குள்ள மின் சுவிட்சுகளைக் கெடுக்கும். சொட்டச் சொட்ட ஈரமான மூட்டைக்கும் இதே காரணத்தால் அனுமதி இல்லை.

கதவு மூடாமல் இருக்கச் செங்கல்லை முட்டுக் கொடுப்பதைக் கண்டிப்பாகத் தடுங்கள். பல லிஃப்டுகளில் பட்டன் பலகையில் பூட்டிய மூடிக்குள், கதவைத் திறந்தே நிறுத்தி வைக்க உதவும் அட்டெண்டன்ட் சுவிட்ச் இருக்கும். மெயின்டனன்ஸ் ஆளிடம் கேட்டு, சரக்கு நேரத்தில் மட்டும் வாட்ச்மேன் அதைப் போட்டுக் கொடுக்கலாம்.

8க்கு 4 அடி பிளைவுட் ஆறு பேர் லிஃப்டில் நுழையாது, படிக்கட்டுதான். கீழே குட்டி யானை வந்து நின்ற பிறகே முதல் மூட்டை இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிங்கில் மேடு கட்டிவிடுவார்கள்.

படி 5: கையெழுத்தும் டெபாசிட்டும்

மேலே சொன்னதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். அதில் வீட்டுக்காரரும் கான்ட்ராக்டரும் கையெழுத்துப் போட வேண்டும், பொறுப்பு வீட்டுக்காரருடையது. டெபாசிட் வாங்கும் அன்றே லிஃப்டின் உட்பக்கம், கதவுக் காடி, அந்த மாடிக் காரிடார் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதோடு ஒப்பிட்டு, முதல் மாடிப் பாத்ரூமில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, அது தேங்காமல் போகிறதா என்றும் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.